நடு மாதத்தில் மாறும் வேலைநேரம்: பகுதிநேர ஊழியரின் விடுப்புக் கணக்கு

பகுதிநேர ஊழியரின் வேலைநேரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருந்தால் அவருடைய விடுப்பைக் கணக்கிடுவது எளிது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிமுறைகளின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. முழுநேர ஊழியருக்கும் பகுதிநேர ஊழியருக்கும் வாரக் கணக்கு ஒன்றுதான். வாரம் எத்தனை மணி நேரம் கொண்டது என்பதில்தான் வேறுபாடு. வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவருக்கு 112 மணி விடுப்பு. 30 மணி நேரம் வேலை செய்பவருக்கு 168 மணி. ஒருவர் ஆண்டின் நடுவே, அதுவும் ஒரு மாதத்தின் நடுவே, 20 மணியிலிருந்து 30 மணிக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதியோர் இல்லம் ஒன்றில் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 4 மணி நேரம் வேலை செய்யும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய விடுப்பு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025 ஜூன் 16, திங்கட்கிழமை முதல் அவர் தினமும் 6 மணி நேரம் வேலை செய்யத் தொடங்குகிறார். ஆண்டை மாதங்களாகப் பார்க்காமல், மாறிய நாளிலேயே இரண்டாக வெட்டுவதுதான் சரியான வழி. ஜனவரி 1 முதல் ஜூன் 15 வரை 166 நாள்கள். மீதி 199 நாள்கள். முதல் துண்டுக்கு 112 மணியில் 365க்கு 166 பங்கு, அதாவது 50.94 மணி. இரண்டாம் துண்டுக்கு 168 மணியில் 199 பங்கு, அதாவது 91.59 மணி. இரண்டும் சேர்ந்து 142.53 மணி.

பல அலுவலகங்களில் மாதக் கணக்கே பழக்கம். ஜூன் மாதம் முழுவதையும் பழைய நேரத்தில் சேர்த்தால் விடை 140 மணி. புதிய நேரத்தில் சேர்த்தால் 144.67 மணி. ஒரே ஊழியருக்கு, ஒரே ஆண்டில், மாதத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு முழு நாளுக்குச் சற்றுக் குறைவான விடுப்பு கூடவோ குறையவோ செய்கிறது. நாள் கணக்கில் இந்தத் தள்ளாட்டத்துக்கு இடமே இல்லை.

தசமப் புள்ளியிலும் கவனம் வேண்டும். 142.53 மணி என்பது 142 மணி 53 நிமிடம் அல்ல. 142 மணி 32 நிமிடம். மணியும் நிமிடமுமாகப் பதியும் வருகைப் பதிவேட்டிலிருந்து எண்களைத் தசமக் கணக்குக்கு அப்படியே எடுத்து எழுதும்போது இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. முழுமையாக்க வேண்டுமென்றால் மேல்நோக்கி 143 ஆக்கலாம். கீழே வெட்டினால் சட்டம் தந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது, மாற்றத்துக்கு முன்பே எடுத்துவிட்ட விடுப்பு. பெரும் பிழைகள் நேர்வது இங்கேதான். இந்த ஊழியர் ஜூன் 15க்குள் 10 நாள் விடுப்பு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 5 நாள்கள் பொது விடுமுறைகள். பிரிட்டனில் அவற்றையும் 5.6 வாரத்துக்குள்ளேயே நிறுவனம் கழித்துக்கொள்ளலாம். எல்லாம் 4 மணி நேர நாள்கள் என்பதால் கழிய வேண்டியது 40 மணி, மீதி 102.53 மணி. விடுப்பேட்டை நாள்களாக வைத்திருந்தால், 28 நாளில் 10 போக 18 நாள் என்றே அது காட்டும். இனி ஒரு நாள் என்பது 6 மணி. 18 நாள் என்றால் 108 மணி. ஏறக்குறைய ஐந்தரை மணி கூடுதல். 4 மணி நேர நாள்களில் சேர்ந்து, எடுக்கப்படாமல் இருந்த விடுப்பு, சத்தமில்லாமல் 6 மணி நேர நாள்களாக வளர்ந்துவிட்டது.

இதே பிழை எதிர்த்திசையில் ஊழியரின் வயிற்றில் அடிக்கும். அவர் 30 மணியிலிருந்து 20 மணிக்கு இறங்கியிருந்தால் உரிய விடுப்பு 137.47 மணி. எடுத்த 10 நாளுக்கு 60 மணி போனாலும் 77.47 மணி கையில் இருக்க வேண்டும். நாள் கணக்கு அவருக்கு 18 நாள், அதாவது 72 மணி மட்டுமே தரும். முழு வேலை செய்து சம்பாதித்த விடுப்பு, பிறகு வேலைநேரம் குறைந்ததால் சுருங்கிவிடுகிறது. ஆஸ்திரியாவின் திரோல் மாநில மருத்துவமனை ஊழியர்கள் தொடர்பான வழக்கில், இப்படிச் சுருக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எடுக்க வாய்ப்பில்லாமல் போன விடுப்பு, சம்பாதித்த காலத்தின் அளவிலேயே நிற்க வேண்டும்.

வேலைநேரம் கூடும்போது என்ன செய்வது என்பதை அதே நீதிமன்றம் 2015இல் சொன்னது. கேத்லீன் கிரீன்ஃபீல்டு என்ற பிரிட்டன் பராமரிப்புப் பணியாளர் வாரம் ஒரு நாள் வேலை செய்துவந்த காலத்தில், 2012 ஜூலையில், 7 நாள் விடுப்பு எடுத்தார். அது அவருக்கு ஏழு வாரத்துக்குச் சமம். ஆகஸ்டிலிருந்து அவருடைய வேலை வாரத்துக்குச் சராசரி 41.4 மணியாக உயர்ந்தது. நவம்பரில் விடுப்பு கேட்டபோது, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நிறுவனம் சொன்னது. முடிந்துபோன காலத்தின் விடுப்பைப் புதிய நேரத்துக்கேற்ப மறுபடி கணக்கிட வேண்டியதில்லை, ஆனால் கூடுதல் நேரம் வேலை செய்த காலத்துக்குப் புதிய அளவில் விடுப்பு சேர்ந்தே தீரும் என்பது தீர்ப்பின் சாரம். ஆண்டை இரண்டாக வெட்டும் முறை இந்த இரு தீர்ப்புகளோடும் ஒத்துப்போகிறது.

எடுத்துக்காட்டு ஊழியருக்கு ஜூன் மாதச் சம்பளத்தில் எத்தனை மணி வர வேண்டும்? மாதச் சம்பளம் பெறுபவருக்கு வாரம் 20 மணி என்பது மாதம் 86.67 மணி; 30 மணி என்பது 130 மணி. ஜூனின் 30 நாளை 15, 15 ஆகப் பிரித்தால் 108.33 மணி வரும். வேலை நாள்களைக் கொண்டு பிரித்தால், 21 நாளில் 10 பழைய நேரம், 11 புதிய நேரம், விடை 109.37 மணி. அவர் உண்மையில் வேலை செய்ததோ 106 மணி. இதைப் பார்த்து, நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கிறது என்று எண்ணுவது தவறு. மாதத்துக்குச் சராசரி 21.67 வேலை நாள் என்று வைத்துத்தான் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. ஜூனில் 21தான் இருந்தன. 23 வேலை நாள் வரும் மாதத்திலும் அவர் அதே சம்பளத்துக்கே வேலை செய்கிறார்.

எந்த முறை என்பதை முதலில் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. ஒப்பந்தம் பேசாவிட்டால், சம்பளம் நாளுக்கு நாள் சேர்கிறது என்னும் 1870ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் துணைக்கு வரும். வேலைநிறுத்தம் செய்த கல்லூரி ஆசிரியர்களின் சம்பளப் பிடித்தம் பற்றிய வழக்கில், அந்தச் சட்டத்தைக் கொண்டு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு நாளுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 365இல் ஒரு பங்கையே பிடிக்கலாம் என்றது. 260இல் ஒரு பங்கை ஏற்கவில்லை.

வாரத்துக்கு வாரம் நேரம் நிலையில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2024 ஏப்ரல் முதல் தொடங்கிய விடுப்பு ஆண்டுகளில், வேலை செய்த மணியில் 12.07 விழுக்காடு அவர்களுக்கு விடுப்பாகச் சேர்கிறது. நிலையான நேரத்தில் வேலை செய்து நடுவில் ஒருமுறை மாறுகிறவர்கள், மாறிய தேதியையும் அன்றுவரை எடுத்த விடுப்பின் மணிக்கணக்கையும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு இறுதியில் தகராறு வந்தால், கணக்கைச் சரிபார்க்க இந்த இரண்டும் கட்டாயம் தேவைப்படும்.