கொம்பு முன்னால், ஓசை பின்னால்

பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டு விண்ணப்பிக்கும் கெடு நெருங்குகிறது. டிஸ்லெக்சியா பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பலர் சான்றிதழையே தீர்வாக நினைப்பது தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா இடம்பெற்றிருப்பதால் தேர்வறையில் சலுகை கேட்கலாம். அதனால் வாசிப்பு வந்துவிடாது. ‘பல்புலன் கற்பித்தல்’ என்று பயிற்சிகளில் சொல்லப்படுவதையும் அப்படியே நம்பிவிட முடியவில்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது அது ஒரு மணல் தட்டாகச் சுருங்கிவிடுகிறது.

நான்காம் வகுப்பு மகன் ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படிப்பதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் மணலில் எழுதவைத்தும் மாறவில்லையாம். அவன் கண்ணுக்குத் தெரிந்த வரிசையில்தான் படிக்கிறான்: கொம்பு, க, கால். அந்தக் காலோ ‘ர’ போலவே இருக்கிறது. காதில் விழும் வரிசை வேறு: முதலில் ‘க்’, பிறகு ‘ஒ’. ‘ஒ’ என்ற ஒற்றை ஓசை இரண்டு துண்டாகி ககரத்தின் இருபுறமும் நிற்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

இங்கேதான் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கிய பல்புலன் முறையின் நுட்பம் உதவுகிறது. கண், வாய், கை மூன்றும் ஒரே நொடியில் ஒரே ஓசையில் சேர வேண்டும். வாய் திறக்காமல் மணலில் எழுதுவது படம் வரைவதுதான்.

க, கொம்பு, கால் மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் தெரிந்த எழுத்துகள். பிறகு ‘க்’ என்று சொல்லிக்கொண்டே பிள்ளை ககர அட்டையை நடுவில் வைக்கட்டும். ‘ஒ’ என்று சொல்லும்போது இரு கைகளாலும் கொம்பையும் காலையும் ஒரே நேரத்தில் இருபுறமும் சேர்க்கட்டும். அதன்பின் ‘கொ’ என்று சொல்லியபடியே விரலால் எழுதட்டும்; பிறகு பார்க்காமல் தாளில். கடைசியில் கொடி, பொடி, தொடு ஆகிய சொற்களைப் படித்தால் போதும். ‘ரொ’ வேண்டாம், ரகரமும் காலும் ஒட்டி நிற்பதால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எல்லாம் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். சற்றுமுன் சரியாகச் சொன்ன எழுத்தில் தவறு வந்தால் கவனம் தீர்ந்துவிட்டது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். மாலையில் இன்னொரு முறை உட்காரலாம். மறுநாள் ‘மொடு’, ‘தொபி’ என்று பொருளில்லாத சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். பழகிய ‘கொடி’ மட்டும் வந்து இவை வராவிட்டால், அவன் சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்திருக்கிறான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தொடுதல் மட்டும் தனியாக எவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. ஓசையையும் எழுத்தையும் படிப்படியாக இணைப்பதற்குத்தான் வலு அதிகம்.

மற்ற கேள்விகள்:

வண்ணக் கண்ணாடி உதவுமா? டிஸ்லெக்சியாவுக்கு உதவுவதாக நம்பகமான சான்று இல்லை.

பத்து முறை பார்த்து எழுதவைக்கலாமா? வேண்டாம், கை மட்டுமே பழகும்.

அறிவியல் பாடத்தை என்ன செய்வது? நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பதிலை அவன் வாயால் சொல்லட்டும்.