வெண்ணெயில் வறுத்த மாவு

கொதிக்கிற பாலில் ஒரு கரண்டி மைதாவை அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்று சமைக்கிற எவருக்கும் தெரியும். கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. அதில் ஒரு கட்டியை எடுத்துப் பிட்டுப் பார்த்தால் வெளியே வழவழவென்று வெந்த தோல் இருக்கும், உள்ளே ஈரமே படாத மாவு இருக்கும். சூடான பால் பட்டவுடன் வெளிப்பக்கத்து மாவு வெந்து பசையாகி, உள்ளே இருப்பதற்குப் பால் போகிற வழியை அடைத்துவிடுகிறது. பானை முழுவதையும் கெட்டியாக்க வேண்டிய மாவு சில உருண்டைகளுக்குள் அடைபட்டுக் கிடக்க, பால் நீர்க்கவே இருக்கிறது.

வற்றல் குழம்பு நீர்த்துப் போனால் நம் வீடுகளில் அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது இதனால்தான். தண்ணீர் சூடில்லாததால் மாவு வேகாது. பொடி பொடியாகப் பிரிந்து பரவ அதற்கு நேரம் கிடைக்கிறது. பிறகு கொதிக்கும் குழம்பில் சேரும்போது எல்லாப் பொடியும் தனித்தனியாக வேகிறது. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இதே சிக்கலுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு வழி கண்டார்கள். மாவைக் கொழுப்பில் போட்டுக் கிளறினார்கள். வெண்ணெயும் மைதாவும் சம எடையில் சேர்ந்து அடுப்பில் வெந்த அந்தக் கலவைக்கு ‘ரூ’ என்று பெயர். வெள்ளை சாஸ் பாஸ்தா செய்கிறவர்கள் பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் இடைக்காலச் சமையலில் சாஸைக் கெட்டியாக்க ரொட்டித் துண்டுகளையும் அரைத்த பாதாமையும் சேர்ப்பார்கள். 1651-இல் லா வரென் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் வெளியிட்ட நூலில், உருக்கிய பன்றிக்கொழுப்பில் மாவை நன்றாக வதக்கி, வெங்காயமும் இறைச்சி வேகவைத்த சாறும் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. வேண்டும்போது எடுத்து எந்தக் குழம்பிலும் சேர்த்துக்கொள்ளலாம். பாலில் செய்யும் வெள்ளை சாஸுக்கு இன்று வழங்கும் ‘பெஷமெல்’ என்ற பெயர், பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை அதிகாரி லூயி த பெஷமெலை வைத்து வந்தது. பெரிய மனிதர் பெயரைப் பதார்த்தத்துக்குச் சூட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அவர் கரண்டி பிடித்தார் என்று இதற்கு அர்த்தமில்லை.

கெட்டியாக்குவது வெண்ணெய் அல்ல, மாவில் இருக்கும் மாவுச்சத்து. மைதாவின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான். வெண்ணெயின் முதல் வேலை மாவுத் துகள் ஒவ்வொன்றின் மேலும் பூசிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைப்பது. பால் வந்து சேரும்போது அந்தப் பூச்சு தண்ணீரைச் சற்றுத் தாமதப்படுத்தும். அதற்குள் கலக்கிவிட்டால் துகள்கள் பால் முழுவதும் பரவிவிடும். இரண்டாவது வேலை, மாவைச் சீராகச் சூடேற்றுவது. மாவுக்கென்று ஒரு பச்சை வாசனை உண்டு. அது கொழுப்பின் சூட்டில்தான் நன்றாகப் போகிறது.

ஒரு சாஸைச் செய்தே பார்ப்போம். அரை லிட்டர் பால், 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா. எடை போடத் தராசு இல்லாதவர்கள் கரண்டிக் கணக்குக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவு இலேசானது. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் ஏறக்குறைய 28 கிராம் இருக்கும்; அதே எடைக்கு மைதா மூன்றரை, நான்கு கரண்டி வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று போட்டால் சாஸ் கெடாது, ஆனால் எதிர்பார்த்ததைவிட நீர்த்து, வெண்ணெய் தூக்கலாக இருக்கும்.

அடி கனமான பாத்திரத்தில், சிறு தீயில் வெண்ணெயை உருக்கவும். அது சலசலத்து நுரைக்கும். கடை வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகிற சத்தம் இது. நுரை அடங்கத் தொடங்கியதும் மைதாவைக் கொட்டிக் கிளறவும். முதலில் கெட்டியான விழுதாக இருப்பது ஒன்றிரண்டு நிமிடத்தில் சற்று இளகிக் குமிழியிடும். கண்ணைவிட மூக்கை நம்ப வேண்டிய இடம் இது. பச்சை மாவு வாசனை மாறி, பிஸ்கட் வேகிற வாசனை இலேசாக வந்தால் போதும். நிறம் மாறக்கூடாது.

அடுப்பிலிருந்து இறக்கி, பாலில் கால் பங்கை மட்டும் ஊற்றிக் கம்பி மத்தால் வேகமாகக் கலக்கவும். சட்டென்று பிசைந்த மாவு மாதிரி இறுகிப்போகும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் பயந்துபோய் மிச்சப் பாலை மொத்தமாகக் கவிழ்த்து, கட்டிகளை வரவழைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாமல், இறுகிய விழுது மழமழவென்று ஆகும்வரை கலக்கி, அடுத்த கால் பங்கை ஊற்ற வேண்டும். விழுது கெட்டியாக இருக்கும்போதுதான் மத்தின் உரசலில் கட்டிகள் உடையும். நீர்த்த பாலில் அவை மத்துக்கு அகப்படாமல் நழுவிவிடும். பால் சூடாக இருக்க வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா என்று சமையல் புத்தகங்களில் வழக்கு நடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் இரண்டும் சரிதான். கொதிக்கிற ‘ரூ’வில் கொதிக்கிற பாலை ஒரே மூச்சில் கொட்டுவதுதான் ஆபத்து.

மீண்டும் அடுப்பில் ஏற்றி, அடியைத் துழாவிக்கொண்டே சூடாக்கவும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே நடப்பது இதுதான். மாவுச்சத்து என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரைத் துகள்கள் கோத்த நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைலோஸ் என்பது நீண்டு நேராகக் கிடக்கும் சங்கிலி. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. குளிர்ந்த பாலில் இந்த அடுக்கு குலையாது. சூடு அறுபது டிகிரியை ஒட்டி வரும்போது சங்கிலிகளின் பிடி தளர, தண்ணீர் உள்ளே புகுந்து மணிகள் உப்பத் தொடங்குகின்றன. பாயசத்தில் ஜவ்வரிசி உப்பிக் கண்ணாடியாவதைப் பார்த்திருக்கிறோம். அதே காரியம் இங்கே பொடி அளவில் நடக்கிறது. உப்பிய மணிகள் இடத்தை அடைத்துக்கொண்டு ஒன்றையொன்று நெருக்குகின்றன. போதாததற்கு அமைலோஸ் சங்கிலிகள் மணிகளிலிருந்து வெளியே கசிந்து, மிச்சமிருக்கும் தண்ணீரிலும் வலை பின்னுகின்றன. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, தாராளமாக ஓட அதற்கு வழி இல்லாமல் போகிறது. சாஸின் கெட்டித்தன்மை என்பது இந்த நெரிசல்தான். நம் அளவில், நூறு கிராம் பாலுக்கு ஐந்து கிராம் மாவுச்சத்துகூட நிகரமாக இல்லாதபோதும், ஒரு மரக்கரண்டியின் முதுகில் பூச்சாக நிற்கும் அளவுக்குப் பால் மாறிவிடுகிறது.

முழு உப்பல் கொதிநிலையை நெருங்கும்போதுதான் வரும். ஆகவே கொதிக்கும் முன்பே ‘கெட்டியாகவில்லையே’ என்று இன்னும் மாவு சேர்ப்பது வீண். ஐந்து நிமிடம் கழித்து அது களியாகிவிடும். முதல் கொதி வந்தபின் தீயைக் குறைத்து, பத்து நிமிடமாவது மெல்லக் கொதிக்க வேண்டும். நாக்கில் வைத்தால் நெறநெறப்போ மாவு ருசியோ தெரியக்கூடாது. எஸ்கோஃபியே 1903-இல் வெளியிட்ட சமையல் நூலில் ஐந்து லிட்டர் பாலுக்கு 650 கிராம் ‘ரூ’ சேர்த்து, ஒரு மணி நேரம் வேகவிடச் சொல்கிறார். நம் அளவும் ஏறக்குறைய அந்த விகிதம்தான், நேரம்தான் அவ்வளவு தேவையில்லை. அவர் கன்றிறைச்சியும் வெங்காயமும் சேர்த்தார். அவற்றின் ருசி இறங்க வேண்டியிருந்தது.

கெட்டியான சாஸ் கையில் இருந்தும் பிறகு இளகிவிடுவது உண்டு. ருசி பார்த்த கரண்டியைத் திரும்பவும் பாத்திரத்தில் போடுவது ஒரு காரணம். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டும் வேலையையே செய்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும் சாஸில் அது மும்முரமாக வேலை செய்யும். எச்சில் பண்ணக்கூடாது என்று பாட்டி சொன்னதற்கு இங்கே கூடுதலாக ஒரு காரணம் கிடைக்கிறது. எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்பைச் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் சங்கிலிகள் உடையும். புளிப்பைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. ஆறும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. அமைலோஸ் வலை இறுகி, சாஸ் மேலும் கெட்டியாகும். எனவே அடுப்பில் இருக்கும்போது சற்று இளக்கமாகவே இறக்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்தது பாளமாக உறைந்திருந்தால், கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கிக் கலக்கினால் மீண்டு வரும். ஃப்ரீஸரில் வைத்ததை எடுத்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

இதுவரை பேசியது நிறம் மாறாத வெள்ளை ‘ரூ’. அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் பொன்னிறமாகும், அதற்கும் மேலே போனால் பழுப்பாகும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கம்போ என்ற குழம்புக்கு மாவை எண்ணெயில் போட்டு, அரை மணி, முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை கொண்டுபோகிறார்கள். வெண்ணெயில் இருக்கும் பால் திப்பி அவ்வளவு சூட்டில் கருகிவிடும் என்பதால் எண்ணெய். வறுத்த கொட்டைகளின் மணமும் இலேசான கசப்பும் கலந்த ஆழ்ந்த ருசி அதில் வருகிறது. ஆனால் அந்த ருசிக்கு விலை உண்டு. உலர்ந்த சூட்டில் மாவுச்சத்துச் சங்கிலிகள் சிறு துண்டுகளாக உடைகின்றன. உடைந்தவை தண்ணீரில் கரையுமே தவிர, உப்பி இடத்தை அடைக்காது. நிறம் ஏற ஏறக் கெட்டியாக்கும் திறன் இறங்குகிறது. வெள்ளை சாஸுக்குப் போட்ட அளவு மாவை நன்றாகப் பழுப்பாக்கிப் போட்டால் குழம்பு ரசமாகத்தான் இருக்கும்.

லூசியானாக்காரர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். மாவைத் தாராளமாகப் போடுவார்கள். பல வீடுகளில் வெண்டைக்காயையும் நறுக்கிப் போட்டு, அதன் வழவழப்பால் மிச்சக் கெட்டியைக் கொண்டுவருவார்கள். நிறம் சரியாக வந்த நொடியில் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சூடான எண்ணெயில் மாவு தொடர்ந்து கருகும். அதனால் நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாயை உடனே அதில் கொட்டுகிறார்கள். காய்களின் ஈரம் ஆவியாகும்போது எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, வறுபடுவது நிற்கிறது. அதற்கு முன்பே கருப்புப் புள்ளிகள் தெரிந்துவிட்டால், காய்களை வீணாக்காமல் மாவைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்; கருகிய கசப்பு எதைச் சேர்த்தாலும் போகாது.