ஒரே படத்தை உடுத்திய மாளிகை

வீடியோ கேம் ஒன்றில் பழைய மாளிகைக்குள் நுழைகிறீர்கள். காரைச் சுவர், கல் தூண், வாசல் நிலை, படிக்கட்டு, தலைக்கு மேல் மர உத்தரம். இத்தனைக்கும் மேற்பரப்பைக் கொடுப்பது ஒரே ஒரு சதுரப் படமாக இருக்கலாம். அதைத்தான் ட்ரிம் ஷீட் என்கிறார்கள்.

இப்படி ஒரு மாளிகையை முப்பது துண்டுகளாகச் செய்து வைத்துக்கொண்டு, கோத்துக் கோத்துக் கட்டுவது வழக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் படம் வரைந்தால் என்ன ஆகும்? 2048 பிக்சல் சதுரப் படம், நன்றாகச் சுருக்கிய பிறகும் சுமார் 4 எம்.பி. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப் ஒன்று, வழவழப்பு சொரசொரப்புக்கு ஒன்று என மூன்று சேர்ந்தால் 12 எம்.பி. முப்பது துண்டுகளுக்கு 360 எம்.பி. எல்லாத் துண்டுகளும் ஒரே மெட்டீரியலைப் பகிர்ந்துகொண்டால் அந்த 12 எம்.பி.யோடு முடிந்தது.

தையற்காரர் ஜரிகைச் சுருளை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைப்பதைப் போன்றதுதான் வேலை. படத்தைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பட்டையும் வலது ஓரத்தில் முடியும் இடத்தில் இடது ஓரம் பிசிறில்லாமல் தொடர வேண்டும். அப்போதுதான் பட்டை முடிவில்லாமல் ஓடும். வலது ஓரத்தில் பாதி தெரியும் கல்லின் மறுபாதி இடது ஓரத்தில் இருக்க வேண்டும்.

வரையத் தொடங்கும் முன்பே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 512 பிக்சல் என்று வைத்தால், 2048 பிக்சல் படம் 4 மீட்டரைக் காட்டும். காரைச் சுவருக்கு 1024 பிக்சல், அதாவது 2 மீட்டர். அடித்தளக் கல், மேல் விளிம்பு அலங்காரம், மரப்பலகை ஆகிய மூன்றுக்கும் தலா 256. மீதமுள்ள 256 பிக்சலில் 128, 64, 64 என மூன்று மெல்லிய பட்டைகள். படியின் முகப்பு, சட்டம் போன்றவற்றுக்கு அவை.

இனி மாடல்கள் இந்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டும். 3 மீட்டர் உயரச் சுவரில் கீழே அரை மீட்டர் கல், நடுவில் 2 மீட்டர் காரை, மேலே அரை மீட்டர் அலங்காரம். மாடலின் பரப்பிலும் அதே உயரங்களில் கோடு வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய பட்டையின் மேல் வைக்கிறோம். வாசல் நிலைக்கு மரப்பட்டையை நிமிர்த்தி வைத்தால் போதும்.

கூர்மையான விளிம்புகளுக்கு அழகான உபாயம் ஒன்று உண்டு. 2014இல் வந்த ‘சன்செட் ஓவர்டிரைவ்’ விளையாட்டின் கலைஞர்களில் ஒருவரான மார்ட்டன் ஓல்சன், 2015 ஜிடிசி மாநாட்டில் இதை விளக்கினார். பட்டையின் இரு ஓரங்களிலும் சில பிக்சல் அகலத்துக்கு, பரப்பு 45 பாகை சரிந்திருப்பதாக நார்மல் மேப்பில் பதிகிறார்கள். தூணின் இரு பக்கங்கள் ஒரு மூலையில் சந்திக்கும்போது, இரண்டின் ஓரமும் ஒரே திசையைப் பார்ப்பதாகக் கணினி கணக்கிடுகிறது. கூர்மூலை, மழுக்கிச் செதுக்கியது போல ஒளியை வாங்குகிறது. மாடலில் ஒரு கோடுகூடக் கூடவில்லை.

பிழைகளும் தெரிந்த இடங்களில்தான் வரும். தூரத்தில் போனதும் சுவரில் மெல்லிய அந்நிய நிறக் கோடு தெரிந்தால், பக்கத்துப் பட்டை கசிகிறது என்று பொருள். தூரத்துக்கு ஏற்ப கேம், படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கிக் காட்டுகிறது. அப்போது அண்டைப் பிக்சல்கள் கலந்துவிடும். 16 பிக்சல் இடைவெளி நான்கு முறை சுருங்கினால் ஒரே பிக்சல். அதனால் பட்டையின் ஓர நிறத்தையே கொஞ்சம் வெளியே நீட்டி வரைந்து, மாடலை அந்த நீட்சிக்கு உள்ளேயே நிறுத்துகிறார்கள்.

அடுத்தது அழுக்கு. சுவரின் அடிப்பகுதி ஈரக்கறையைப் பட்டையிலேயே வரைந்தால், அதே பட்டை உத்தரத்தில் பக்கவாட்டில் திரும்பும்போது கறையும் பக்கவாட்டில் வழியும். நிழலுக்கும் இதே கதி. எங்கும் பொருந்தும் தேய்மானத்தை மட்டும் ஷீட்டில் வைத்து, கறையைத் தனி ஒட்டுப்படமாக அந்த இடத்தில் மட்டும் ஒட்டுவது நல்லது.

மூன்றாவது, இணைப்பு. 4 மீட்டர்ச் சுவர்கள் அடுத்தடுத்து நின்றால் படம் தொடரும். 2 மீட்டர்ச் சுவர் படத்தின் பாதியில் முடிகிறது. அடுத்ததோ முதலிலிருந்து தொடங்குகிறது. நடுவில் வெட்டுத் தெரியும். அங்கே ஒரு தூணை நிறுத்தி மறைப்பதே எளிய வழி.

சிலை, சிம்மாசனம் போல ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு இந்த முறை உதவாது, அதற்குத் தனிப்படம்தான். மற்றவற்றுக்கு, பட்டைகளின் இடமும் அளவும் மாறாத வரை இன்னொரு ஆதாயமும் உண்டு. அதே வரிசையில் செங்கல்லும் துருப்பிடித்த இரும்பும் வரைந்த வேறொரு ஷீட்டை மாட்டினால், முப்பது துண்டுகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் மாளிகை தொழிற்சாலையாகிவிடும்.