குதிகால் தூக்கும் கணக்கு

5 கிலோ அரிசிப் பையை உள்ளங்கையில் வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடித்து அசையாமல் பிடித்திருக்கிறார் ஒருவர். மேற்கையின் முன்பக்கம் புடைத்து நிற்கும் இருதலைத் தசை, அதாவது உடற்பயிற்சிக் கூடங்களில் ‘பைசெப்ஸ்’ என்று சொல்லப்படுவது, அப்போது எவ்வளவு விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும்? பை 5 கிலோதானே, 5 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை 46 கிலோ வருகிறது.

கணக்கு எளிது. அந்தத் தசையின் நாண் முன்கை எலும்பில் ஒட்டுகிற இடம் முழங்கை மூட்டுக்கு மிக அருகில், சுமார் 4 செ.மீ. தொலைவில் இருக்கிறது. பையோ மூட்டிலிருந்து சுமார் 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. எட்டு மடங்கு தள்ளியிருக்கும் சுமையைத் தாங்க எட்டு மடங்கு விசை வேண்டும். பைக்கு மட்டும் 40 கிலோ ஆகிவிட்டது. முன்கையும் கையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ இருக்கும். அந்த எடை மூட்டிலிருந்து சுமார் 16 செ.மீ. தள்ளி இறங்குவதாகக் கொண்டால் அதற்கு இன்னும் 6 கிலோ. வேறு தசைகள் உதவிக்கு வராமல் பைசெப்ஸ் மட்டுமே தாங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் அதற்கு அடியிலுள்ள தசைகளும் பங்கெடுக்கும். மொத்தச் செலவு பெரிதாக மாறாது.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கணித அறிஞர் ஜியோவன்னி அல்ஃபோன்சோ பொரெல்லி இத்தகைய கணக்குகளை மூட்டு மூட்டாகப் போட்டுப் பார்த்தார். சிறிய விசையைக் கொண்டு பெரிய சுமையைத் தூக்கும் வகையில்தான் உடல் அமைந்திருக்கிறது என்பது அதுவரை இருந்த எண்ணம். நிலைமை நேர்மாறானது, தசை எப்போதும் சுமையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது என்று பொரெல்லி காட்டினார். விலங்குகளின் அசைவைப் பற்றி அவர் எழுதிய நூல், 1679இல் அவர் இறந்த பிறகே அச்சில் வந்தது.

நெம்புகோலில் கவனிக்க வேண்டியவை மூன்று: கோல் எந்தப் புள்ளியில் சுழல்கிறது, சுமை எங்கே இருக்கிறது, விசை எங்கே கொடுக்கப்படுகிறது. பாறையைப் புரட்டும் கடப்பாரையில் சுழலும் புள்ளி நடுவில் இருக்கிறது; அது முதல் வகை. பாக்குவெட்டியில் பாக்கு, அதாவது சுமை, நடுவில் இருக்கிறது. அது இரண்டாம் வகை. இடுக்கியில் விரல் அழுத்தும் இடம் நடுவில் இருக்கிறது. அது மூன்றாம் வகை. உடலில் எலும்பே கோல், மூட்டே சுழலும் புள்ளி, தசையே விசை. மூட்டுக்கும் பைக்கும் நடுவில் தசை ஒட்டியிருப்பதால் பை தூக்கும் முன்கை மூன்றாம் வகை. கை கால்களில் அதிகம் இருப்பது இந்த வகைதான்.

சுழலும் புள்ளியிலிருந்து விசை இருக்கும் தூரத்தை, சுமை இருக்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது இயந்திர லாபம். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் குறைந்த விசையில் கூடுதல் சுமையை அசைக்கலாம். பாக்குவெட்டியில் அது எப்போதும் ஒன்றுக்கு மேல். முன்கையில் 4-ஐ 32-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்குதான்.

இந்த நஷ்டத்துக்குப் பதிலாகக் கிடைப்பது தூரமும் வேகமும். பைசெப்ஸ் 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை ஏறக்குறைய 8 செ.மீ. நகர்கிறது, அதுவும் அதே நேரத்துக்குள். தசைநார் தன் நீளத்தில் ஒரு பகுதி அளவுக்கே சுருங்கக்கூடியது. அது உள்ளங்கைக்குப் பக்கத்தில் போய் ஒட்டியிருந்தால் சுமை லேசாகத் தெரிந்திருக்கும். ஆனால் தட்டிலிருந்து வாய்வரை கையைக் கொண்டுவரும் அளவுக்கு அதனால் சுருங்க முடியாது.

எந்த வகை நெம்புகோல் என்பதை வைத்து மட்டும் லாப நஷ்டத்தைச் சொல்லிவிட முடியாது. முதல் வகைக்குப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் தலை. மண்டையோடு கழுத்தெலும்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. தலையின் எடை அந்த மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. பிடரித் தசைகள் பின்னால் இருந்து இழுத்துச் சமன் செய்கின்றன. பேருந்தில் தூங்கி வழிகிறவரின் தலை முன்னால் சாய்வதற்குக் காரணம், அந்தத் தசைகள் தளர்ந்துபோவதுதான். நிமிர்ந்திருக்கும் வரை தலையின் எடை மூட்டுக்கு மிக அருகிலேயே இருப்பதால் பிடரித் தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை.

மேற்கையின் பின்பக்கத்திலுள்ள முத்தலைத் தசையும் முதல் வகைதான். அது முழங்கையின் முனையில், மூட்டுக்குப் பின்னால் சுமார் 2 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையால் மேசையை அழுத்தும்போது அந்தத் தசை, அழுத்தும் விசையைப்போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வகை. தூரங்கள் வேறு என்பதால் செலவும் வேறு.

இரண்டாம் வகைக்கு உடலில் உதாரணங்கள் மிகக் குறைவு. பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருவது, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. விரல்களுக்குப் பின்னால் தரையை ஊன்றும் பந்து போன்ற பகுதி சுழலும் புள்ளி. உடலின் எடை கணுக்கால் வழியாக நடுவில் இறங்குகிறது. கெண்டைக்கால் தசை, குதிகால் நாணைப் பிடித்துக் கடைசி முனையை மேலே தூக்குகிறது. படத்தைப் பார்த்தால் பாக்குவெட்டியின் அமைப்பேதான். உடலில் விசையை மிச்சப்படுத்தும் அரிய நெம்புகோல் இது என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள்.

எண்களைப் போட்டால் சிக்கல் தெரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்கிறார். ஊன்றும் இடத்திலிருந்து கணுக்கால் 12 செ.மீ., அங்கிருந்து நாண் ஒட்டும் இடம் இன்னும் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பாக்குவெட்டிக் கணக்குப்படி 60-ஐ 12-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் 42 கிலோ சொச்சம். உடலின் எடையைவிடக் குறைந்த இழுப்பே போதும் என்றாகிறது.

இது தவறு. கெண்டைக்கால் தசை வெளியே எங்கோ கட்டப்பட்ட கயிறு அல்ல. அதன் மேல்முனை அதே காலின் எலும்புகளில்தான் ஒட்டியிருக்கிறது. குதிகாலை எவ்வளவு விசையோடு மேலே இழுக்கிறதோ, அதே விசையோடு காலைக் கீழே இழுத்துக் கணுக்காலின்மேல் அழுத்துகிறது. ஆகவே நடுவில் இறங்கும் சுமை 60 கிலோ மட்டும் அல்ல, 60 கிலோவும் தசையின் இழுப்பும் சேர்ந்தது.

கணுக்காலையே சுழலும் புள்ளியாக எடுத்துக்கொண்டால் குழப்பம் தீர்கிறது. தரை முன்பாதத்தை 60 கிலோ விசையோடு மேலே தள்ளுகிறது, 12 செ.மீ. முன்னால். நாண் இழுப்பது 5 செ.மீ. பின்னால். 60-ஐ 12-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 144 கிலோ. முதல் வகை நெம்புகோல், அதுவும் நஷ்டத்தில் ஓடுவது. கணுக்கால் மூட்டின்மேல் இறங்குவது இரண்டும் சேர்ந்த 204 கிலோ. பாக்குவெட்டிக் கணக்கிலும் 60-க்குப் பதிலாக 204-ஐப் போட்டால் அதே 144 கிடைக்கும். வகையின் பெயர் எதுவானாலும் நாணின் பாடு மாறுவதில்லை.

சும்மா நிற்பதற்கே இவ்வளவு என்றால் ஓடும்போது? பின்லாந்தின் பாவோ கோமி, தன்னார்வலர்களின் குதிகால் நாணைச் சுற்றி ஒரு சிறிய உணர்கருவியைப் பொருத்தி நேரடியாகவே அளந்தார். ஓட்டத்தின்போது அவர் பதிவு செய்த உச்ச அளவு சுமார் 9,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமம்.

அப்படியானால் குதிகால் இன்னும் கொஞ்சம் பின்னால் நீண்டிருந்தால் ஓட்டக்காரர்களுக்கு நல்லதுதானே? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்ரினா லீயும் ஸ்டீபன் பியாசாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் வந்த விடை எதிர்பாராதது. குறுந்தூர ஓட்டக்காரர்களின் நாணுக்கும் கணுக்காலின் சுழல் மையத்துக்கும் இடையிலான தூரம், மற்றவர்களைவிடச் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க அதன் விசை குறையும். தூரம் குறைவாக இருந்தால், பாதம் அதே அளவு திரும்ப, தசை குறைவாகச் சுருங்கினால் போதும். வேகம் மட்டுப்படுவதால் அதன் விசை வற்றாமல் நிற்கிறது. நெம்புகோலில் இழந்ததைத் தசை ஈடுகட்டிவிடுகிறது.

இந்த நாண் அறுந்துபோவதும் உண்டு. இறகுப்பந்து ஆட்டத்தில் சட்டென்று முன்னால் பாய்கிறவர், யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்ததுபோல் உணர்ந்து திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். ‘டப்’ என்ற சத்தமும் கேட்டிருக்கலாம். ஆனாலும் அவரால் நொண்டி நடக்க முடியும், உட்கார்ந்தபடி பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டவும் முடியும். அதனால் வெறும் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

பாதம் நீள்வதற்குக் காரணம், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் வேறு சில நாண்கள். அவை மூட்டை ஒட்டியே செல்வதால் அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புதூரம் மிகச் சிறியது. வெறும் பாதத்தை அசைக்க அது போதும்; 60 கிலோ உடலை உயர்த்தப் போதாது. அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் அவரால் முடியாது. மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்து பார்ப்பார். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. பக்கத்து நாண்கள் இந்தச் சோதனையில் ஏமாற்ற முடியாது.

சிகிச்சையில் அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், முதல் வாரங்களில் பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தே கட்டுப் போடுகிறார்கள். அறுந்த முனைகள் நெருங்கியிருக்க வேண்டும் என்பதே காரணம். நாண் சற்று நீண்டு ஒட்டிக்கொண்டால், தசை சுருங்கும் அளவில் ஒரு பகுதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். நடப்பதில் குறை தெரியாமல் இருக்கலாம். மாதங்கள் கழித்து, சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நின்று குதிகாலை உயர்த்தும்போது, அடிபட்ட கால் மற்றதைவிடச் சில செ.மீ. கீழேயே நின்றுவிடும். அந்த உயர வித்தியாசத்தை அளந்துதான் இயன்முறை மருத்துவர்கள் நாண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று கணிக்கிறார்கள்.