நிரை நிரலாகும்போது தலைப்பின் பொருள் மாறுமா?

கணக்குகளை எக்செல் விரிதாளில் எழுதி வைக்கும் வழக்கம் நம் வாடிக்கையாளர்கள் பலரிடம் உள்ளது. அட்டவணை பக்கவாட்டில் நீண்டு தாளுக்குள் அடங்காதபோது, அதனைத் திருப்பி அமைக்க வேண்டிய தேவை எழுகிறது. இடமிருந்து வலமாகச் செல்வது நிரை; மேலிருந்து கீழாகச் செல்வது நிரல். நிரைகளை நிரல்களாகவும் நிரல்களை நிரைகளாகவும் மாற்றுவதையே பள்ளிக் கணிதத்தில் நிரை நிரல் மாற்று என்று படித்தோம். இம்மாற்றத்தில் எண்கள் எவையும் மாறுவதில்லை. ஆயினும் அவ்வெண்களுக்குப் பெயர் சூட்டும் தலைப்புகள் சில வேளைகளில் பொருள் மாறிவிடுகின்றன.

மாற்றும் முறை எளியது. அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+C அழுத்துங்கள். பழைய அட்டவணையின் மேல் படியாத வெற்றிடத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து, Ctrl+Alt+V அழுத்தினால் Paste Special என்னும் பெட்டி திறக்கும். அதில் Transpose என்பதைக் குறியிட்டு OK கொடுத்தால் போதும். இவ்வாறு பெறுவது தனிப் பிரதியாகும். மூல அட்டவணையில் தொகையைப் பின்னர் திருத்தினால் பிரதியில் அது திருந்தாது. இரண்டும் இணைந்தே இருக்க வேண்டுமெனில் பின்வரும் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்.

```
=TRANSPOSE(A1:C4)
```

இதில் ஒரு குறிப்பு: மூலத்தில் வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் இச்சூத்திரத்தின் விடையில் 0 என்று தோன்றும். 'இன்னும் எழுதவில்லை' என்பதும் 'தொகை ஏதும் இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பதால் அக்கட்டங்களைச் சரிபார்ப்பது நல்லது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குடும்பத்தார் தம் மூன்று நிலை வைப்புகளை இவ்வாறு எழுதி வைத்துள்ளனர் எனக் கொள்வோம்.

| வைப்பு | தொகை (ரூ.) | வட்டி வீதம் |
|---|---|---|
| முதலாவது | 1,00,000 | 7% |
| இரண்டாவது | 2,00,000 | 6.5% |
| மூன்றாவது | 1,50,000 | 7.25% |

இங்கு ஒவ்வொரு நிரையும் ஒரு வைப்பு. ஒவ்வொரு நிரலும் அவ்வைப்பின் ஒரு விவரம். இதனைத் திருப்பினால் கிடைப்பது:

| வைப்பு | முதலாவது | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| தொகை (ரூ.) | 1,00,000 | 2,00,000 | 1,50,000 |
| வட்டி வீதம் | 7% | 6.5% | 7.25% |

இடது மேல் மூலையைப் பாருங்கள். 'வைப்பு' என்னும் சொல் அதே இடத்தில் நிற்கிறது. முன்பு அது தனக்குக் கீழே உள்ள முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்பவற்றின் தலைப்பாக இருந்தது. இப்போது அதன் கீழே 'தொகை', 'வட்டி வீதம்' ஆகியவை உள்ளன. இவை வைப்புகள் அல்ல, வைப்பின் விவரங்கள். எனவே மூலைத் தலைப்பை 'விவரம்' என்று மாற்றி எழுத வேண்டும். மாற்றத்தைச் செய்தவருக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அத்தாளைப் பின்னர் கையில் எடுக்கும் குடும்பத்தினருக்கு அத்தலைப்பே வழிகாட்டி.

மூலையைத் திருத்திய பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. மூல அட்டவணையில் தொகை நிரலின் அடியில் கூட்டல் சூத்திரம் இட்டால் 4,50,000 ரூபாய் என்னும் சரியான மொத்தம் கிடைக்கும். திருப்பிய அட்டவணையில் அவ்வாறே முதலாவது வைப்பின் நிரலைக் கூட்டினால், தொகையும் வட்டி வீதமும் ஒன்றாகக் கூடிவிடும். 7% என்பதை எக்செல் 0.07 என்றே வைத்திருப்பதால் விடை 1,00,000.07 ஆகும். தசமப் புள்ளிகள் மறைக்கப்பட்டிருந்தால் அது 1,00,000 என்றே தெரியும்; பிழை கண்ணில் படாது. ஒரே வகை எண்கள் இப்போது நிரையில் இருப்பதால் கூட்டலும் பக்கவாட்டிலேயே நிகழ வேண்டும். வடிகட்டும் வசதியான Filter நிரைகளை மட்டுமே மறைக்க வல்லது. ஆதலால் 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வைப்பை மட்டும் காட்டு என்று திருப்பிய அட்டவணையிடம் கேட்க இயலாது. கணக்கிடுவதற்கு மூல வடிவையும், இரண்டு மூன்று வைப்புகளையோ கடன் திட்டங்களையோ அருகருகே வைத்து ஒப்பிடுவதற்குத் திருப்பிய வடிவையும் கொள்வது தக்கது.

மேற்கண்ட பிழைகள் சற்று உற்று நோக்கினால் புலப்படுபவை. நோக்கினாலும் புலப்படாத ஒன்று உண்டு. இரு பக்கத் தலைப்புகளும் ஒரே பெயர்களாக அமையும் அட்டவணையில் அது நேர்கிறது. ஒரு சிறு வணிகர் தம் மூன்று கணக்குகளுக்கிடையே ஒரு மாதத்தில் மாற்றிய பணத்தைக் குறித்துள்ளார். இடப்பக்கம் பணம் புறப்பட்ட கணக்கு. மேற்பக்கம் பணம் சேர்ந்த கணக்கு.

| | கடை | வீடு | சேமிப்பு |
|---|---|---|---|
| கடை | 0 | 30,000 | 5,000 |
| வீடு | 0 | 0 | 8,000 |
| சேமிப்பு | 0 | 2,000 | 0 |

கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 30,000 ரூபாய் சென்றதாக இது கூறுகிறது. இதனைத் திருப்பினால் தலைப்புகள் பார்வைக்கு அப்படியே இருக்கும். மேலே அதே மூன்று பெயர்கள், இடப்பக்கம் அதே மூன்று பெயர்கள். 30,000 மட்டும் 'வீடு' நிரையில் 'கடை' நிரலுக்கு நகர்ந்திருக்கும். பழைய வழக்கப்படி படிப்பவர், வீட்டுக் கணக்கிலிருந்து கடைக்கு அத்தொகை சென்றதாகவே கொள்வார். பணத்தின் திசை தலைகீழாகிவிட்டது. கடையிலிருந்து எடுத்த பணம், கடையில் இட்ட முதலாகத் தோற்றமளிக்கும்.

மொத்தத்தைச் சரிபார்த்தும் இப்பிழையைக் கண்டறிய முடியாது. இரு வடிவிலும் முழு மொத்தம் 45,000 ரூபாய்தான். தனித்தனிக் கூட்டல்களே வேறுபாட்டைக் காட்டும். மூல அட்டவணையில் 'கடை' நிரையின் கூட்டல் 35,000. அது வெளிச்சென்ற தொகை. திருப்பிய பின் அதே நிரையின் கூட்டல் 0. இவ்விரண்டில் எது உண்மை என்பதைக் கணக்கேட்டில் உள்ள ஒரே ஒரு பதிவோடு ஒப்பிட்டு உறுதி செய்யலாம். கடைக் கணக்கின் ஏட்டில் 30,000 பற்றாக எழுதப்பட்டிருந்தால் பணம் அங்கிருந்து வெளியேறியது என்பது தெளிவு.

இதனைத் தவிர்க்கும் வழியைத் தமிழின் வேற்றுமை உருபுகளே நமக்குத் தருகின்றன. தலைப்பில் வெறும் பெயரை எழுதாமல், இடப்பக்கம் 'கடையிலிருந்து', 'வீட்டிலிருந்து', 'சேமிப்பிலிருந்து' என்றும், மேற்பக்கம் 'கடைக்கு', 'வீட்டுக்கு', 'சேமிப்புக்கு' என்றும் எழுதுங்கள். அட்டவணையைத் திருப்பும்போது 'கடையிலிருந்து' மேலே செல்லும்; 'வீட்டுக்கு' இடப்பக்கம் வரும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 30,000 இருக்கும். எப்பக்கத்திலிருந்து படித்தாலும் கடையிலிருந்து வீட்டுக்கு என்னும் பொருள் மாறாது. இவ்வாறே 'நிரையின் மொத்தம்' என்று தலைப்பிடுவதைவிட 'வெளிச்சென்ற மொத்தம்' என்று எழுதுவது நன்று. முன்னது திருப்பியவுடன் பொய்யாகிவிடும், பின்னது எங்கு நின்றாலும் மெய்யாகவே இருக்கும்.