இரண்டு நிறமாலைகள், ஒரு சேர்மம்
C₄H₈O₂ என்ற வாய்பாடு கொண்ட ஒரு திரவத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் 1740 செ.மீ⁻¹ அருகே வலுவான பட்டை தெரிகிறது. அது கார்பனைல் தொகுதியின் அடையாளம். 1240 அருகே இன்னொரு வலுவான பட்டை இருக்கிறது. 2500 முதல் 3500 வரை அகன்ற O–H பட்டை இல்லை. ஆகவே இது அமிலமல்ல, எஸ்டர்.

புரோட்டான் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் 2:3:3 பரப்பளவில் மூன்று சைகைகள் உள்ளன. முதலாவது நான்காகப் பிரிந்திருப்பதால் அதன் பக்கத்து கார்பனில் மூன்று ஹைட்ரஜன்கள் உள்ளன. மூன்றாகப் பிரிந்த சைகைக்குப் பக்கத்தில் இரண்டு. இவை சேர்ந்தால் எத்தில் தொகுதி. பிரியாத சைகை தனித்த மெத்தில்.

எத்தில் அசிட்டேட், மெத்தில் புரொப்பனோயேட் இரண்டுமே இதே வடிவத்தைத் தரும் என்பதால், பிரிவை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். சைகையின் இடமே முடிவு சொல்லும். ஆக்சிஜனை ஒட்டிய ஹைட்ரஜன்கள் 4 பிபிஎம் பக்கம் தள்ளப்படும். இங்கே நான்காகப் பிரிந்தது 4.1இலும், தனித்த மெத்தில் 2.0இலும் உள்ளன; எனவே இது எத்தில் அசிட்டேட். மற்றதில் தனித்த மெத்தில் 3.7இலும், நான்காகப் பிரிந்தது 2.3இலும் வந்திருக்கும்.