ரொக்க இருப்பு விகிதமும் பணச் சுழற்சி வேகமும்: வடசென்னைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து

பணத்தின் அளவுக்கும் விலைமட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க 1911ஆம் ஆண்டில் இர்விங் ஃபிஷர் வகுத்த MV = PT என்னும் பரிமாற்றச் சமன்பாடு, பணம் எத்தனை முறை கைமாறுகிறது என்ற வினாவை முன்வைத்தது. ஆல்ஃபிரட் மார்ஷலும் அவர்வழி வந்த பிகுவும் வினாவையே மாற்றினர். மக்கள் தம் வருமானத்தில் எந்தப் பங்கைப் பணமாகக் கையில் வைத்திருக்க விரும்புகின்றனர் என்பதே அவர்கள் கேட்டது. அப்பங்கே k. அதன்வழிக் கிடைக்கும் கேம்பிரிட்ஜ் சமன்பாட்டை இன்று M = kPY என எழுதுவது வழக்கம். பாடநூல்கள் இதற்கு அடுத்த வரியிலேயே V = 1/k என்று கூறி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. கணக்களவில் அது சரியே. ஆயினும் எந்த V, எந்த k என்பதைத் தெளிவுபடுத்தாமல் அச்சமன்பாட்டைப் பயன்படுத்தினால் முடிவுகள் பிறழும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியின் கூலி முறையும் மீன் வணிகமும், 2016ஆம் ஆண்டின் பணமதிப்பிழப்பும் இதைக் காட்டுகின்றன.

ஊதிய இடைவெளியும் k-யும்

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர் மாத ஊதியம் பெறுவோர். அவர்களுக்கு அருகிலேயே வாரக்கூலியும் நாட்கூலியும் பெறுவோர் வாழ்கின்றனர். எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.18,000 ரொக்கமாகப் பெற்று, அதை மாதம் முழுவதும் சீராகச் செலவிடும் ஒருவரைக் கொள்வோம். மாதத் தொடக்கத்தில் அவர் கையில் 18,000, இறுதியில் ஒன்றுமில்லை. சராசரி இருப்பு 9,000. ஆண்டு வருமானம் 2,16,000 என்பதால் k = 1/24, V = 24. அதே ஆண்டு வருமானத்தை ஒருவர் வாரந்தோறும் பெற்றால், வாரக்கூலி ஏறத்தாழ ரூ.4,154, சராசரி இருப்பு ரூ.2,077. இப்போது k = 1/104, V = 104. வருமானமும் செலவுப் பழக்கமும் மாறவில்லை; ஊதிய நாள்களின் இடைவெளி மட்டுமே மாறியுள்ளது.

இங்கு மாணவர் பலர் தவறவிடும் ஒன்றைச் சுட்ட வேண்டும். k வெறும் விகிதமன்று. அதற்குக் காலப் பரிமாணம் உண்டு. இருப்பு ஒரு கணத்துக்குரியது, வருமானம் ஒரு காலப்பகுதிக்குரியது. மேற்கண்ட மாத ஊதியக்காரரின் இருப்பை ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் 1/24, மாத வருமானத்தோடு ஒப்பிட்டால் 1/2. மேலும், தொழிலாளியிடமிருந்து நீங்கும் பணம் மறைவதில்லை. மளிகைக் கடைக்காரரிடமோ முதலாளியிடமோ தங்குகிறது. ஆகவே ஒரு குடும்பத்தின் k-யைக் கொண்டு ஒரு பகுதியின் k-யைக் கணிக்க இயலாது.

கடல்தொழிலில் k-யை உயர்த்தும் மற்றொரு காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. நாளொன்றுக்கு ரூ.400 செலவுடைய குடும்பம் தடைக்காலம் முழுவதையும் கையிருப்பைக் கொண்டே கடக்க வேண்டுமாயின், தடை தொடங்கும் நாளில் ரூ.24,400 வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அரசின் நிவாரணமும் படகு உரிமையாளரிடம் பெறும் முன்பணமும் இத்தேவையின் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. கடன் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் k குறைவதற்கு இதுவே காரணம்.

ஏலக்கூடத்தில் இரண்டு வேகங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே மீன் சில மணி நேரத்தில் பலமுறை விலைபோகிறது. ஏலத்தில் ரூ.1,000க்குப் போன ஒரு கூடை, மொத்த வியாபாரியிடமிருந்து ரூ.1,200க்குச் சில்லறை விற்பனையாளரான பெண்ணிடம் சென்று, தெருவில் ரூ.1,500க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். ஃபிஷரின் PT இம்மூன்றையும் கூட்டி 3,700 என்னும். கேம்பிரிட்ஜின் PY இறுதி விலையான 1,500ஐ மட்டுமே கொள்ளும். இடைத்தரகர் ஒருவர் கூடினால் பரிமாற்ற வேகம் உயரும். இறுதி விலை மாறாதவரை வருமான வேகம் அசையாது. எனவே k-யின் தலைகீழாக நிற்பது வருமானச் சுழற்சி வேகமே அன்றி ஃபிஷர் முதலில் கருதிய பரிமாற்றச் சுழற்சி வேகம் அன்று. ஏலக்கூடத்தின் பரபரப்பைக் கண்டு அங்கு k மிகச் சிறிது என்று முடிவு செய்வது இவ்விரண்டையும் குழப்புவதாகும்.

2016: விரும்பிய k-யும் அளந்த k-யும்

2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. மதிப்பின் அடிப்படையில் அவை புழக்கத்திலிருந்த பணத்தில் ஏறத்தாழ 86 விழுக்காடு. இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, புழக்கத்திலுள்ள ரொக்கத்துக்கும் நாட்டின் உள்நாட்டு உற்பத்திக்கும் இடையிலான விகிதம் 2015-16இல் 12.1 விழுக்காடாக இருந்து 2016-17இல் 8.7 விழுக்காடாக வீழ்ந்தது. இவ்விகிதத்தை k எனக் கொண்டு தலைகீழாக்கினால், ரொக்கத்தின் வருமான வேகம் 8.3இலிருந்து 11.5 ஆக ஏறியதாகத் தோன்றும். ஒவ்வொரு ரூபாயும் முன்னைவிட விரைந்து சுழன்றது என்பதே எண்கள் தரும் பொருள்.

துறைமுகத்தில் நிலைமை வேறு. சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு ரூ.24,000, நடப்புக் கணக்கிலிருந்து ரூ.50,000 என எடுப்பு வரம்பு இருந்தது. பல நாள் பயணம் செல்லும் விசைப்படகுக்கு டீசல், ஐஸ், உணவுப் பொருள், ஆள்களுக்கான முன்பணம் ஆகியவை கடலுக்குச் செல்லும் முன்பே தேவை. வரவோ கரை திரும்பி ஏலம் முடிந்த பின்னரே. எனவே படகு உரிமையாளரின் விரும்பிய k குறையவில்லை. எதிர்காலம் உறுதியற்றிருந்ததால் உயர்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. குறைந்தது M. வருமானம் உடனடியாக அதே விகிதத்தில் சுருங்காததால் M/PY என்னும் அளந்த விகிதம் வீழ்ந்தது. இடைவெளியைக் கடன் பேரேடு நிரப்பியது.

இவ்விரண்டையும் பிரித்தறிய விலைகளின் போக்கு உதவும். மக்கள் தாமாகவே ரொக்கத்தைக் குறைக்க விரும்பினால், வேண்டாத பணத்தைச் செலவிடுவர்; விலைமட்டம் உயரும். பணம் வலிந்து பறிக்கப்பட்டால், இழந்த இருப்பை மீட்கச் செலவைச் சுருக்குவர், விலை தளரும். நுகர்வோர் விலைப் பணவீக்கம் 2016 நவம்பரில் 3.6 விழுக்காடாக இருந்து 2017 ஜனவரியில் 3.2 விழுக்காடாகத் தாழ்ந்தது. காய்கறி விளைச்சலுக்கும் இதில் பங்குண்டு என்பதால் இதை மட்டுமே சான்றாகக் கொள்ளலாகாது. அதனினும் வலுவான சான்று மீட்சியே. கட்டுப்பாடுகள் நீங்கியதும் விகிதம் ஏறி 2019-20இல் மீண்டும் 12 விழுக்காட்டை எட்டியது. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல், வருமானம் சுருங்கி முன்னெச்சரிக்கை இருப்பு பெருகியபோது, 14.4 விழுக்காட்டைத் தொட்டது. அந்த உயர்வு மக்கள் விரும்பி ஏற்றது. 2016-17இன் வீழ்ச்சி அவ்வாறன்று.

M-இன் வரையறையும் இங்குக் கருதத்தக்கது. திரும்பப் பெறப்பட்ட தாள்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிகளுக்கு வந்துசேர்ந்து, பெரும்பகுதி வைப்புகளாக மாறின. ஆதலால் வைப்புகளையும் உள்ளடக்கிய M3-ஐக் கொண்டு கணக்கிட்டால் k-யில் இத்தகைய வீழ்ச்சி காணப்படாது. எண்ணூர் ஆலையில் வங்கிக் கணக்கின்வழி ஊதியம் பெற்றவருக்கு M3-இன் k பொருந்தும்; காசிமேட்டில் கூடையோடு ஏலத்துக்கு வந்த பெண்ணுக்கு ரொக்கத்தின் k மட்டுமே பொருந்தும்.